காலைச் சாப்பாடு வயிற்றில் இருக்கிறது, பதினொரு மணிக்குத் தூக்கமும் வருகிறது. ஏன்?

மதியமணி — ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 23 பிள்ளைகள்.

காலை உணவுத் திட்டம் வருவதற்கு முன்னால், பத்து மணி ஆனால் யாராவது ஒரு பிள்ளை "டீச்சர், வயிறு வலிக்குது" என்று வந்து நிற்கும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் டீயும் பன்னும், இல்லையென்றால் வெறும் டீ. இப்போது அந்த வயிற்றுவலி அநேகமாக இல்லை. முதல் இரண்டு பாடவேளை நன்றாகப் போகிறது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் பிரச்சினை வேறு. மூன்று பிள்ளைகள் காலையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் வகுப்பில் இருந்தும் இல்லாமல் போய்விடுகிறார்கள். பெயர் வேண்டாம், இருக்கையை வைத்துச் சொல்கிறேன். முதல் பெஞ்சுக்காரி தூங்க மாட்டாள், ஆனால் கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். விளையாட்டு நேரத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஜன்னலோரத்துப் பையன் மேசையில் தலையைச் சாய்த்து நிஜமாகவே தூங்குகிறான். கடைசி வரிசைக்காரன் தூங்குவதில்லை, ஒரு நிமிஷம் சும்மா இருப்பதும் இல்லை. பக்கத்துப் பிள்ளையைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

சாப்பாடு போட்டும் ஏன் இப்படி? அளவு போதவில்லையா, அல்லது நான் வேறு எதையாவது பார்க்காமல் விடுகிறேனா?

பழையபலகை — ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், 34 வருஷம் பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பசிதான் எல்லாம். 1920-லேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதியம் சிற்றுண்டி போட்டுப் பார்த்தார்கள். 1956-இல் காமராஜர் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் அவ்வளவும் மதியச் சாப்பாடு. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வெறும் வயிற்றோடுதான் பாடம் கேட்டார்கள். அந்த இடைவெளியை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம்தான் அடைத்தது.

உங்கள் பிள்ளைகள் தூங்குவதற்குக் காரணம் எளிது. புதன்கிழமை பொங்கல் போடுகிறார்கள் அல்லவா? வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்களே கண் செருகுகிறோம், குழந்தை என்ன செய்யும்? அதை மாற்றச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

அடுப்படி — ஞாயிறு, இரவு 10.52

ஐயா, பொங்கலை மட்டும் குறை சொல்லாதீங்க. வாரத்திலேயே மிச்சம் இல்லாமல் காலியாவது அது ஒன்றுதான்.

நான் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, அப்புறம் காய். ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே கணக்கு. சின்னதுகள் மிச்சம் வைக்கும், பெரிய பிள்ளைகள் இன்னொரு கரண்டி கேட்கும். அதனால் நாங்களே கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டுச் சமாளிக்கிறோம். ரவை உப்புமா ஆறிவிட்டால் கட்டியாகிவிடும், அதை யாரும் தொட மாட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் தாராளமாக வைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னால் இறக்கினால்தான் தட்டு காலியாகும். டீச்சர், அந்த மூன்று பிள்ளைகளும் தட்டில் வாங்குகிறார்களா, சாப்பிடுகிறார்களா? இரண்டும் ஒன்றில்லை.

மதியமணி — திங்கள், மாலை 6.05

அடுப்படி அக்கா, இன்றைக்கே பார்த்தேன். மூவரும் சாப்பிடுகிறார்கள். கடைசி வரிசைக்காரன் இரண்டாம் தடவை வாங்குகிறான். முதல் பெஞ்சுக்காரி கால்வாசி வைத்துவிடுகிறாள். பசியே இல்லை என்கிறாள்.

எண்கணக்கு — திங்கள், இரவு 8.30

எல்லோரும் அடிக்க வராதீர்கள். காலை உணவால் கவனம் கூடுகிறது என்பதற்கு நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் பிள்ளைகள். 1,543 பள்ளிகளின் கணக்கைப் பார்த்து 1,319-இல் வருகை கூடியதாகச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு பள்ளி பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. திட்டம் இல்லாத பள்ளியிலும் வருகை கூடியிருக்கலாமே? பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எப்படிச் சொல்வது? அதோடு, வருகை கூடுவது வேறு, படிப்பு ஏறுவது வேறு. டீச்சர் சொல்கிற மூன்று பிள்ளைகளே சாட்சி: வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கவனம் இல்லை.

பாலாறு — திங்கள், இரவு 11.20

குழந்தை மருத்துவர். முன்பு சில வருஷம் பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவில் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்கணக்கு கேட்டது சரியான கேள்வி. அதற்கு நல்ல பதில் ஜமைக்காவில் இருக்கிறது. 1980-களின் கடைசியில் கிங்ஸ்டனில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை ஆய்வு நிலையத்திலேயே இரவு தங்க வைத்து, ஒரு நாள் காலை உணவு கொடுத்தும், ஒரு வார இடைவெளியில் இன்னொரு நாள் கொடுக்காமலும் காலையில் சோதித்தார்கள். சாப்பாடு இல்லாத நாளில் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்புப் போட்ட டீ மட்டும். நல்ல உடம்புள்ள பிள்ளைகள் ஒரு வேளை பட்டினியைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வயதுக்கு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும், முன்பு கடுமையான ஊட்டக்குறைவில் விழுந்து எழுந்தவர்களும் தடுமாறினார்கள். அதாவது இன்றைய பசி, பழைய பசியின் மேல் விழும்போதுதான் மூளையைத் தொடுகிறது. "எங்க வீட்டுப் பையன் சாப்பிடாமலே போறான், முதல் ரேங்க் வாங்குறான்" என்று சிலர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் கணக்குப் போட முடியாது.

அடுத்து அங்கேயே 16 கிராமப் பள்ளிகளில் எண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்கக் காலை உணவு, மீதிப் பேருக்குக் கால் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். 1998-இல் வெளிவந்தது. எண்கணக்கு கேட்கிற ஒப்பீடு இதுதான். சாப்பாடு பெற்றவர்களின் வருகை கொஞ்சம் கூடியது. எடை, உயரம் சிறிதளவு கூடியது. கணக்கு மதிப்பெண் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏறியது. வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் ஏறவில்லை. ஆக பலன் உண்டு. ஆனால் சின்னது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. அதே ஊர்க்காரர்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தார்கள். தனி அறையும் ஆளுக்கொரு மேசையும் இருந்த பள்ளியில், சாப்பிட்ட பிள்ளைகள் வேலையில் கூடுதல் கவனம் காட்டினார்கள். நெரிசலான, வசதி குறைந்த பள்ளிகளில் சாப்பிட்ட பிறகு பேச்சும் ஆட்டமும்தான் கூடியது! தெம்பு வந்துவிட்டது, அந்தத் தெம்பைச் செலவழிக்கப் பாடம் இல்லை. உங்கள் கடைசி வரிசைக்காரனைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. அவன் விஷயத்தில் அது மட்டுமே காரணம் என்று சொல்ல வரவில்லை.

டீச்சர், மருந்து மாத்திரை பேசுமுன் ஒரு நோட்டு போடுங்கள். மூன்று வாரம் போதும். தினமும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு ஒரு பார்வை. அந்த மூவரோடு, சாதாரணமாக இருக்கும் வேறு மூவரையும் சேர்த்துப் பாருங்கள். வேலையில் இருந்தால் ஒரு சரி, இல்லையென்றால் ஒரு கோடு. அன்றைக்கு என்ன சாப்பாடு என்றும் எழுதுங்கள். பழையபலகை ஐயா சொல்வது உண்மையானால் ஆறு பேருக்குமே புதன்கிழமை கோடு கூட வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்வி. முதல் பெஞ்சுக்காரி பலப்பம், சாக்பீஸ், பச்சரிசி ஏதாவது தின்கிறாளா? கடைசி வரிசைக்காரன் வாயைத் திறந்தே மூச்சு விடுகிறானா?

கோவைக்காரன் — செவ்வாய், காலை 7.10

நல்ல இழை. என் பெண் பத்தாம் வகுப்பு, தனியார் பள்ளி. காலை ஏழரைக்கே சிறப்பு வகுப்பு. ஐந்தரைக்கு எழுந்தால்தான் வேனைப் பிடிக்க முடியும். படித்தது எதுவும் நிற்கவில்லை என்று அழுகிறாள். நினைவாற்றலுக்கு ஏதாவது நல்ல டானிக் இருந்தால் டாக்டர் சொல்லவும். வல்லாரை மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று.

பழையபலகை — செவ்வாய், காலை 8.00

தம்பி, வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துக் கொடுங்கள். மாத்திரை வேண்டாம்.

பாலாறு — செவ்வாய், இரவு 10.30

கோவைக்காரன், டானிக் ஒன்றும் இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறாள்? பதினொன்றரை என்றால் ஆறு மணி நேரம்தான் தூக்கம். அவள் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி வேண்டும். "சீக்கிரம் படு" என்று அதட்டினாலும் பலிக்காது. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் பதினொன்று வரை புரள்வார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளியது. பிள்ளைகளின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது, தூக்கம் ஓர் இரவுக்கு 34 நிமிஷம் கூடியிருந்தது. நேரம் கிடைத்ததே என்று இன்னும் பிந்திப் படுத்துக் கெடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அதில் ஆச்சரியம். உங்கள் பள்ளி ஏழரை வகுப்பை விட முடியாது என்றால், சாயங்காலம் வீட்டிலும் ஒரு டியூஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று போக வேண்டும்.

கோவைக்காரன் — செவ்வாய், இரவு 10.55

சாயங்காலம் இரண்டு டியூஷன் இருக்கிறது. வீட்டில் பேசிப் பார்க்கிறேன். அவளுடைய அம்மா ஒத்துக்கொள்வது கஷ்டம்.

மதியமணி — புதன், மாலை 5.45

டாக்டர், நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. முதல் பெஞ்சுக்காரியின் பையில் இன்று மூன்று பலப்பம் இருந்தது. நாம் சிலேட்டில் எழுதுவதே இல்லை! கடையில் வாங்கித் தின்கிறாளாம். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். வீட்டில் சுவர்ச் சுண்ணாம்பையும் சுரண்டுவாள், அதற்காக அடித்திருக்கிறேன் என்றார்.

கடைசி வரிசைக்காரன் வாய் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. அது அவன் முகவாகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டு இன்றே தொடங்கிவிட்டேன்.

பாலாறு — புதன், இரவு 9.15

அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அது கெட்ட பழக்கம் இல்லை, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளிறி இருக்கிறதா? நாக்கு? ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பாதிக் கேஸ் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு 11.5-க்குக் கீழே போனால் இரத்தசோகை. பசியே இல்லை என்கிறாள் அல்லவா, அதுவும் இதோடு சேர்ந்ததுதான்.

இரும்பு இரத்தத்துக்கு மட்டும் இல்லை. மூளையில் விழிப்பையும் ஆர்வத்தையும் நடத்துகிற வேதிப்பொருள்களைச் செய்யவும் அது வேண்டும். அதனால் இரத்தசோகை கண்ணுக்குத் தெரியுமுன்பே பிள்ளை மந்தமாகலாம். நாம் அதைச் "சோம்பேறி" என்று சொல்லிவிடுகிறோம்.

எண்கணக்கு — புதன், இரவு 9.50

பள்ளியில்தான் வாரத்துக்கு ஒரு இரும்பு மாத்திரை கொடுக்கிறார்களே, டீச்சர்? பிறகு எப்படி?

மதியமணி — புதன், இரவு 10.10

கொடுக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை. என் முன்னாலேயே விழுங்க வேண்டும் என்பது விதி. உண்மையைச் சொன்னால், ஒரு தடவை ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் மறுவாரம் பாதிப் பேர் "அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார்கள். கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு பின்னால் போய்த் துப்புகிறவர்களும் உண்டு. முதல் பெஞ்சுக்காரி எந்தப் பக்கம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

பாலாறு — புதன், இரவு 11.00

வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், வாந்தி பெரும்பாலும் நின்றுவிடும். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே தாய்மார்களிடம் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பயந்துதான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள்.

ஆனால் எண்கணக்கு கேட்டதற்கு முக்கியமான பதில் வேறு. வார மாத்திரை, இரத்தசோகை வராமல் தடுக்க. அதில் 45 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஏற்கெனவே விழுந்துவிட்ட பிள்ளைக்கு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் தினமும் வேண்டும். 20 கிலோ பிள்ளை என்றால் நாளுக்கு 60. வாரத்துக்கு 45 எங்கே, 420 எங்கே! பள்ளித் திட்டத்தைக் குறை சொல்லவில்லை, அது செய்ய வந்த வேலையே வேறு. அந்தப் பிள்ளையைத் தனியாகப் பிரித்து அனுப்புவதுதான் விட்டுப்போகிறது.

குடற்புழுவையும் மறக்காதீர்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் பத்தாம் தேதிகளை ஒட்டிப் பள்ளியில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை கொடுக்கிறார்கள். அதை மென்று விழுங்க வேண்டும். கொக்கிப்புழு குடலில் இரத்தம் குடிக்கும், மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாக ஏறும். மாத்திரை போட்டுவிட்டு மறுபடி செருப்பில்லாமல் வயலோரம் ஒதுங்கினால் ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

எண்கணக்கு — வியாழன், காலை 6.40

குடற்புழு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கென்யாவில் நடந்த ஆய்வை 2004-இல் பெரிதாகக் கொண்டாடினார்கள். பள்ளிக்கு வராமல் நிற்பது வெகுவாகக் குறைந்தது என்றார்கள். 2015-இல் வேறொரு குழு அதே தரவை மறுபடி கணக்கிட்டுப் பிழைகள் இருக்கின்றன என்றது. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. முதல் ஆய்விலேயே தேர்வு மதிப்பெண் ஏறியதாகக் காட்டவும் இல்லை.

பாலாறு — வியாழன், இரவு 9.30

ஒத்துக்கொள்கிறேன். ஊர் முழுக்க மாத்திரை கொடுத்தால் எல்லோருக்கும் படிப்பு வரும் என்று நானும் சொல்லவில்லை. நான் சொல்வது, பலப்பம் தின்கிற ஒரு பிள்ளையைப் பற்றி.

மதியமணி — மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4.20

நோட்டு முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் பயிற்சி வகுப்புக்குப் போட்டுவிட்டார்கள்.

முதலில் பொங்கல். ஆறு பேரில் யாருக்கும் புதன்கிழமை கோடு கூடவில்லை. ஐயா மன்னிக்க வேண்டும்.

முதல் பெஞ்சுக்காரிக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி. பத்து மணிக்கே கோடு. ஹீமோகுளோபின் 8.6 வந்தது. எடை 20 கிலோ. தினசரி இரும்பு தொடங்கிவிட்டார்கள். குடற்புழு மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தது. டாக்டரம்மா அதைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னார்.

ஜன்னலோரத்துப் பையன்தான் என்னை யோசிக்க வைத்தான். மூன்று வாரத்தில், தூங்கிய நாள்கள்: திங்கள் ஒன்றுமில்லை, செவ்வாய் 1, புதன் 1, வியாழன் 3, வெள்ளி 3. சாப்பாட்டோடு ஒட்டவே இல்லை. ஏன் வாரக் கடைசியில் மட்டும்?

பழையபலகை — சனி, மாலை 5.00

பொங்கல் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வருகிறது என்று இனி நெய்யைத்தான் விசாரிக்க வேண்டும்.

பாலாறு — சனி, இரவு 8.15

அழகான நோட்டு டீச்சர். இது தூக்கக் கடன். ஞாயிறு நன்றாகத் தூங்கித் திங்கள் தெளிவாக வருகிறான். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வியாழனில் விழுகிறான். இரத்தசோகைக்கு வாரநாள் தெரியாது. பள்ளி நாளில் எத்தனை மணிக்கு எழுகிறான், ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இரண்டுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அவன் வயதுக்குக் குறைந்தது ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். இஸ்ரேலில் நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்றே இரவு, வழக்கத்தைவிட அரை மணிக்கு மேல் கூடவோ குறைவாகவோ தூங்க வைத்துப் பார்த்தார்கள். கவனச் சோதனையில் அந்த வித்தியாசமே தெரிந்தது.

மதியமணி — திங்கள், மாலை 6.30

கேட்டேன். பள்ளி நாளில் 5.15, ஞாயிறு எட்டரை. ஏன் ஐந்தேகாலுக்கு எழுகிறான் தெரியுமா? அவனுடைய அம்மாதான் எங்கள் பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்கிறார். ஒரே அறை வீடு. அவர் விளக்கைப் போட்டதும் இவனும் எழுந்துவிடுவான். அப்பா வெளியூர் வேலை, தனியாக விட மனமில்லாமல் கூடவே கூட்டி வந்துவிடுகிறார். இரவு பத்தரை வரை தொலைக்காட்சித் தொடர்.

அடுப்படி — திங்கள், இரவு 9.05

டீச்சர், இதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் அம்மாவைத்தான் சமையலுக்கு எடுக்கிறார்கள். அதனால் எங்களில் பல பேர் வீட்டில் இதே கதைதான். என் மகளும் மூன்றாம் வகுப்பு. நான் கிளம்பும்போது மாமியார் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு வருவேன். எனக்கு மாமியார் இருக்கிறார், அந்தம்மாவுக்கு யாரும் இல்லை.

ஒன்று செய்யலாம். காயை முதல் நாள் சாயங்காலமே நறுக்கக் கூடாது, கெட்டுப்போகும். ஆனால் பருப்பு, ரவை அளந்து வைப்பது, பாத்திரம் எடுத்து வைப்பது எல்லாம் முதல் நாளே முடித்தால் அரை மணி மிச்சம். நாங்கள் மூன்று பேர் முறை வைத்துக்கொண்டோம். முதலில் வந்து அடுப்பு மூட்டுகிறவள் வாரத்துக்கு ஒருத்தி. மற்றவர்கள் ஆறு மணிக்கு வந்தால் போதும்.

மதியமணி — திங்கள், இரவு 9.40

அக்கா, அங்கே இரண்டே பேர்தான். ஆனாலும் பேசிப் பார்க்கிறேன். இப்போதைக்கு ஒன்று செய்திருக்கிறேன். காலையில் சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் பாய் போட்டு அவனைத் திரும்பத் தூங்க விடச் சொன்னேன். எட்டு மணிக்கு எழுப்புவார்கள்.

எண்கணக்கு — செவ்வாய், காலை 7.00

பாயில் போடுகிற தூக்கமும் வீட்டில் தொடர்ந்து தூங்குகிற தூக்கமும் ஒன்றா? இரவுத் தொலைக்காட்சியை ஒன்பது மணிக்கு அணைப்பதுதான் செலவில்லாத வழி.

அடுப்படி — செவ்வாய், காலை 7.45

நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம், அண்ணா. ஒரே அறை. அணைக்கச் சொல்வது சுலபம்.

பாலாறு — செவ்வாய், இரவு 10.00

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஒலியைக் குறைத்து, திரையைப் பையன் முகத்துக்குத் திருப்பாமல் வைத்தாலே கொஞ்சம் முன்னால் தூங்கிவிடுவான். பாயும் இருக்கட்டும்.

மதியமணி — ஒரு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 8.50

முதல் பெஞ்சுக்காரி 9.9. பலப்பம் நின்றுவிட்டது. நான் கேட்கவில்லை, அவளே வந்து "டீச்சர், இப்ப அது நல்லாவே இல்ல" என்றாள். பதில் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

ஜன்னலோரம்: இந்த மாதம் நான்கு வாரத்தில் மூன்று நாள்தான் தூங்கினான். பாயா தொலைக்காட்சியா எது காரணம் என்று தெரியாது. இரண்டும் ஒரே வாரத்தில் மாறின.

கடைசி வரிசைக்காரனை மருத்துவக் குழு வந்தபோது காட்டினேன். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறான், சில சமயம் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பாட்டி சொன்னார். டான்சில் வீங்கியிருக்கிறது, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எடுத்துவிட்டால் அடங்கிவிடுவானா டாக்டர்?

பாலாறு — ஞாயிறு, இரவு 10.40

முதல் பெஞ்சுக்காரிக்கு மாதத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறியிருக்கிறது. மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏறாமல் இருந்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். 11.5 வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உடம்பில் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் வேண்டும். எல்லோரும் தவறவிடும் இடம் அது.

குறட்டைப் பையனுக்கு நேர்மையான பதில்: அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் 464 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்து, மறு பாதியைச் செய்யாமல் கவனித்து, ஏழு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளிவந்தது. செய்துகொண்டவர்களின் தூக்கம் சீரானது. பெற்றோரும் ஆசிரியரும் நடத்தை மாறியது என்றார்கள். ஆனால் உட்கார வைத்துச் செய்த கவனச் சோதனையில் இரண்டு பாதிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. செய்யாதவர்களில் கணிசமான பேருக்குத் தூக்கம் தானாகவே சரியானதும் உண்டு. ஆகவே மூச்சு நின்று வருவதற்காகப் பாருங்கள். சீண்டலை நிறுத்துவதற்காக என்று பாட்டியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கோவைக்காரன் — ஞாயிறு, இரவு 11.05

ஒரு டியூஷனை நிறுத்தினோம். இப்போது பத்தரைக்குப் படுக்கிறாள். மதிப்பெண் ஏறவில்லை. அழுகை நின்றிருக்கிறது.

மதியமணி — திங்கள், மாலை 5.30

பாட்டிக்குத் தஞ்சாவூர் வரை கூட்டிப்போக ஆள் இல்லை. வரும் சனிக்கிழமை நானே அழைத்துப் போகிறேன். வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

பழையபலகை — திங்கள், மாலை 5.50

ஏழரைக்கெல்லாம் வரிசையில் நில்லுங்கள் டீச்சர். பையனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அன்றைக்குப் பள்ளி இல்லை.